ஆன் தி வே சார்

செவ்வாய், இரவு



எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட்டில் குழாய் உடைந்தாலும் கூரை ஒழுகினாலும், ரிட்டையர் ஆன நம் ராகவன் வாத்தியாரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆள் போகவேண்டும், யாருக்குப் பின் யார் என்று அவரே சொல்லி அனுப்புவார். காசு வாங்கமாட்டார். வயர்மேனான என் மகன் மணிக்கு வேலை எல்லாம் அவர் வாக்கில்தான் வருகிறது.

காலையில் சோபாவில் படுத்திருந்த மணிக்குச் சாரிடமிருந்து போன் வந்தது.

"ஆன் தி வே சார். சிக்னல்கிட்ட இருக்கேன்லா."

"சிக்னல் மெத்துமெத்துன்னு இருக்கு போல!"

ஜன்னலுக்கு வெளியே போனும் கையுமாகச் சார்!

ஒரு வீட்டில் குழாய் உடைந்து, மணி போய் ஹீட்டர் வயரைக் கழற்றினால்தான் குழாய்க்காரர் சுவரை உடைக்க முடியுமாம். அந்த வீட்டில் தண்ணீரே இல்லையாம்.

சார் அங்கேயே நின்று வேறொரு வயர்மேனைக் கூப்பிட்டார். "நீ போப்பா. மணிக்குக் காய்ச்சல்."

பொய்யே பேசாத மனிதர்!

"பேரு கெட்டுட்டா ஒரு வீட்டுலயும் கதவு தொறக்கமாட்டாங்க அக்கா," என்றார் என்னிடம். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"சார் இனிமே கூப்பிடுவாராம்மா?" மணி இப்போதும் என் அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான். ஒரு ராத்திரி யோசிக்கட்டும் என்று, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளப் போகிறேன்.