கறவை வரிசை

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அத்தை வீட்டில் நலம். காலில்தான் மாவுக்கட்டு, வாயில் இல்லையே என்று உன் அத்தை தினமும் வருத்தப்படுகிறாள். போனில் பேசலாம்தான். ஆனால் நான் மாட்டுக்கொட்டகைக் குரலில் ஆரம்பித்தால் நம் வீட்டு விவரமெல்லாம் இந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகவே கடிதம். பிழைகளைப் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் ரசித்துப் படித்தவன் நான்.

"தரை வழுக்குது, பாத்து நடங்க" என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு நானே விழுந்ததை இங்கே சொல்லவில்லை. மாடு முட்டியது என்றிருக்கிறேன். நீயும் மாற்றிச் சொல்லிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஆறு மாடும் சேர்த்து ஒரு நாளைக்கு அறுபத்து மூன்று லிட்டர். இப்போது நாற்பத்தேழு. பால் நிலையச் சீட்டில் கொழுப்பு போக மிச்சச் சத்தும் 8.5லிருந்து 8.1க்கு இறங்கிவிட்டது. பாலை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினால்தான் இரண்டும் ஒன்றாகக் குறையும். கறப்பது யார்? நம் சுருட்டை. எட்டு வருடமாகப் பழகியவன் என்பதால்தான் எனக்கு வயிறு எரிகிறது. மாதக் கடைசியில் அவனை அனுப்பிவிடு.

அதுவரை என் முறை மாறக்கூடாது. முதலில் மகாராணி. காக்க வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் துடைத்துக் கொடுப்பதுபோலவே, வாளி வெந்நீரில் என் துணியை நனைத்து ஒவ்வொரு மடியாகத் துடைத்துத்தான் கறக்க வேண்டும்.

உன் அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வலி எப்படி இருக்கிறது? அத்தையிடம் சண்டை போடாதீர்கள்.

"மொத்தம் எழுதினா போதாதா, மாட்டுக்கு ஒரு ஜாதகமா?" என்று நீங்கள் கேலி செய்த என் பேரேட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாட்டின் பாலையும் கேனில் ஊற்றும் முன்பு நானே தொங்கு தராசில் நிறுத்து எழுதியிருக்கிறேன். எடை குறைந்தது மடியிலிருந்து வாளிக்கு வரும்போதே. வாளிக்கும் கேனுக்கும் நடுவில் எதுவும் காணாமல் போகவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போது சுருட்டை அண்ணன் எங்கே தண்ணீர் ஊற்றுவார்?

இன்னொன்று. ஆறு மாடும் சேர்ந்து குறையவில்லை. மகாராணி ஜனவரிக் கடைசியில் இறங்க ஆரம்பித்தாள், பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு. மார்ச்சில் நெட்டை. ஏப்ரலில் கறுப்பி. மே மாதம் கோபக்காரி, ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு. கடைசி இரண்டும், வெள்ளைக்காலும் சின்னவளும், வழக்கமான அளவுக்கு மேல் இறங்கவில்லை. கன்று போட்டு நாளானதால் என்று சொல்லாதீர்கள். கறுப்பி கன்று போட்டதே ஜனவரியில்.

பேரேட்டில் மாடுகளை நீங்கள் வகுத்த கறவை வரிசையில்தான் எழுதுகிறேன். குறைவு அதே வரிசையில், மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக இறங்கி வருகிறது. மாட்டு டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்

ஜூன் 15

மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கண்ணாடி போடாமல் ஒரு முறை, போட்டு இரண்டு முறை. எப்படிப் படித்தாலும் நீ சுருட்டைக்கு வக்கீலாகத்தான் இருக்கிறாய்.

மகாராணிக்கு நோயா? மடியில் வீக்கம் இல்லை, சூடு இல்லை, பாலில் திரிதிரியான கட்டி இல்லை. இருபது வருடமாக மாடு வைத்திருக்கிறவனுக்குத் தெரியாதது நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியுமா? நீ தராசைப் பார்க்கும் நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியுமா?

டாக்டர் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான்.

அப்பா

பி.கு: கோபத்தில் எழுதியதால் கையெழுத்து கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டர் வந்தார். நாலு குழி உள்ள ஒரு தட்டு. காம்புக்கு ஒரு குழி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, அதே அளவு மருந்துத் திரவம் விட்டு, தட்டை வட்டமாகச் சுழற்றினார். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். மகாராணியின் பின்காம்பு இரண்டிலும் பால் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு தட்டோடு ஒட்டிக்கொண்டது. நெட்டைக்கும் கறுப்பிக்கும் ஒவ்வொரு காம்பு. கோபக்காரிக்கு லேசாக. கடைசி இரண்டுக்கும் ஒன்றுமில்லை.

வெளியே தெரியாத மடிநோயாம். கண்ணுக்குப் பால் பாலாகவே இருக்கும். மடிக்குள் பால் ஊறுவது குறையும், சத்தும் குறையும். சீட்டில் இரண்டும் ஒன்றாக இறங்கியது அதனால்தான்.

"எல்லா மாட்டையும் ஒரே துணியிலதான் துடைக்கிறீங்களா?" என்று கேட்டார். நானும் சுருட்டை அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நோய் உள்ள மாட்டை முதலில் கறந்து, அந்தக் கையோடும் துணியோடும் அடுத்ததற்குப் போயிருக்கிறோம், அப்பா.

மன்னியுங்கள், உங்கள் முறையை மாற்றிவிட்டேன். சின்னவள் முதலில், மகாராணி கடைசியில். மாட்டுக்கு ஒரு காய்ந்த துணி. நடுவில் கை கழுவல். கறந்து முடித்ததும் காம்புகளை மருந்தில் முக்குகிறோம். காம்பின் துவாரம் மூடுவதற்குள் மாடு படுத்துவிடக் கூடாது என்பதால், உடனே தீவனம் வைத்து நிற்க வைக்கிறோம். மகாராணியைக் கறப்பதை முன்கூட்டியே நிறுத்தி மடியை வற்றவிட்டு, காம்புக்குள் மருந்து ஏற்ற வேண்டுமாம். மருந்து போடும் மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள்வரை கேனில் சேர்க்க மாட்டோம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டது சுருட்டை அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நீங்கள் அத்தையிடம் சொன்னது, தீவனக் கடை வழியாக வந்திருக்கிறது.

"பால் குறைஞ்சா கறக்கிறவன் கையத்தான் பாப்பாங்க, பாப்பா. அது தப்பில்ல. ஆனா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். வேறு பண்ணையில் கூப்பிடுகிறார்களாம். ஒன்றாம் தேதி போகிறேன் என்கிறார். நான் கேட்டால் நிற்க மாட்டார். கேட்க வேண்டியது நான் இல்லை.

உங்கள் மகள்

ஜூன் 26

அன்பு மகளுக்கு,

நாலு தாள் கிழித்துப் போட்டேன். "யாருக்குக் காதல் கடிதம்?" என்று கேட்கிறாள் உன் அத்தை.

திருடனைத் தேடினேன். அவன் தினமும் என் துணியைப் பிழிந்து அதே வாளியில் போட்டுக்கொண்டிருந்த நான்தான். நீ சொன்ன எல்லாவற்றையும் செய். உன் வரிசைதான் இனி வரிசை. மகாராணி முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், என்னோடு சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

கீழே இருப்பது சுருட்டைக்கு. அவனுக்குப் படிக்க வராது. நீ சத்தமாகப் படி. கொட்டகையில், யாராவது இருக்கும்போது படி. தீவனக் கடைக்காரர் இருந்தால் இன்னும் நல்லது.

தம்பி சுருட்டைக்கு,

உங்களை 'நீங்கள்' என்று எழுதுவது எனக்கும் புதிதுதான். தலையில் ஒரு முடிகூட இல்லாதவரை எட்டு வருடமாகச் சுருட்டை என்று கூப்பிட்டவன் நான், எதையும் சரியாகப் பார்த்ததில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கை சுத்தம். துணிதான் அழுக்கு, அதுவும் நான் கொடுத்தது. உங்களிடம் கேட்காமல் ஊரிடம் சொன்னேன். தப்பு. போக வேண்டும் என்றால் போங்கள், அந்தப் பண்ணைக்கு நானே நல்ல வார்த்தை எழுதித் தருகிறேன். ஆனால் இருங்கள் என்று கேட்கிறேன்.

உன் அப்பா

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று காலை பால் நிலைய வண்டிக்காரரும் தீவனக் கடைக்காரரும் நின்றபோது படித்தேன். தலையில் முடி இல்லை என்ற வரி வந்ததும் வண்டிக்காரர் சிரித்துவிட்டார். சுருட்டை அண்ணன் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ படி பாப்பா" என்றார். படித்தேன். சாயங்காலம் நான் தனியாக இருந்தபோது மறுபடி கேட்டார்.

இன்று விடிவதற்கு முன்பே கொட்டகையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சின்னவளின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தராச எடுத்துட்டு வா, நேரமாச்சு" என்றார்.

கோபக்காரி இன்று எட்டரை.

உங்கள் மகள்