பாத்தியிலை நிண்டு கண்டனான்

இன்று காலை வேட்டி தேடிப் பெட்டகத்தைக் கிளறியபோது, உமது சேலைகளுக்கு அடியிலிருந்து அந்த மரத்துண்டு கைக்கு வந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் நல்ல வைரம் பாய்ந்த மரம், மறுபக்கம் விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. ஏதோ தாலிக்கொடி மாதிரி அதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அன்று புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம். நான் கிணற்று ஏற்றமரமான துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்கிறேன். கிணற்றடியில் உமது தம்பி ஓலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்க்கிறான். நீர் மண்வெட்டியோடு பாத்தியில் நிற்கிறீர். துலாக்காலில் பொருந்தும் அச்சடியில் துலா முறிந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவன் உயிரோடு எழும்பியதே பெரிய காரியம்.

முதல் மாதம் எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் பாதிச் சனம் நம் வளவில்தான் நின்றது. கஞ்சி கொண்டுவந்தார்கள், எண்ணெய் கொண்டுவந்தார்கள், மிச்சத் தோட்டத்தை அவர்களே இறைத்தும் தந்தார்கள். முறிந்த என் கால் பொருந்தியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பொருந்தவில்லை. இனி என்ன செய்தாலும் இவன் பழையபடி நடக்கமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

"அமாவாசையிலை இறைச்சவன்" என்றார், அமாவாசை விரதம் பிடிக்கிறவர். "கள்ளுக் குடிக்கிற ஆள்" என்றார், கள்ளை மணந்தும் பாராதவர். கள்ளுக் குடிக்கிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துலாவைத் தொட்டுக் கும்பிடாமல் ஏறினவனாம்" என்றார். இதைக் கவனித்தது நீர்தான்.

"இஞ்சாருங்கோ, தாங்கள் செய்யாத பிழையாப் பாத்துத்தான் எல்லாரும் உங்களிலை கண்டுபிடிக்கினம். அப்பத்தானே தங்களுக்கு உப்பிடி நடவாது எண்டு இருக்கலாம்."

எல்லாரிலும் உரத்துக் கதைத்தவர் அடுத்த வளவுத் தம்பு அண்ணை. கெட்ட மனிதர் இல்லை. முதல் மாதம் என்னைத் தூக்கிக் குளிப்பாட்டியவரே அவர்தான். ஆனால் அவருக்கும் என் வயது, என்னளவு தோட்டம். அவருடைய துலாவும் என்னுடையதும் ஒரே வண்டியில் வந்திறங்கிய மரங்கள். நான் பிழை செய்யாமல் விழுந்திருந்தால் அவரும் விழலாம். அதை அவரால் நினைக்க முடியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். என் பிழை என்றால் அதற்குக் கழுவாய் உண்டு. இணுவில் கந்தன் கோயிலைச் சுற்றி உருண்டால் தீர்ந்துவிடும், இனி ஒன்றும் வராது. என் பிழை இல்லை என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? நாள் போகப் போக, கும்பிடாமல் ஏறியது எனக்கே ஞாபகம் வந்தது. அந்த அவசரம், காலில் ஈரம், எல்லாம் தெளிவாக. அதை உம்மிடம் சொன்னேன்.

"பொய். நீங்கள் கும்பிட்டதை நான் கண்டனான். பாத்தியிலை நிண்டு கண்டனான்."

சொன்ன கையோடு வேலியோரம் கிடந்த துலாவைப் புரட்டி, அச்சுத் துளையிலிருந்து இந்தத் துண்டைப் பெயர்த்துவந்து என் மடியில் போட்டீர். "வெளியாலை வைரம், உள்ளாலை உக்கல். உங்கடை பாவம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த வளவு மனிசன் தன்ரை மரத்தைத் தட்டியும் பாராது."

மறுநாள் காலை தம்பு அண்ணை இறைப்புக்கு ஆயத்தமானபோது நீர் கத்தியோடு அங்கே போய்விட்டீர். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்துநின்றேன்.

"அண்ணை, ஏறாதையுங்கோ."

"எனக்கென்ன பிள்ளை, நான் கும்பிட்டுத்தானே ஏறுறனான்."

"அவரும் கும்பிட்டுத்தான் ஏறினவர்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துலாக்காலில் நீரே ஏறினீர். பெண் ஒருத்தி துலாவில் ஏறுவதைச் சண்டிலிப்பாய் அதற்குமுன் கண்டதில்லை. அச்சடியில் குத்திய கத்தி பிடிவரை இறங்கியது. உக்கல் மா தம்பு அண்ணையின் தலையில் கொட்டியது. அவர் வரம்பில் இருந்துவிட்டார்.

என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிழமையே ஊரில் எல்லாத் துலாக்களையும் தட்டிப் பார்த்தார்கள். இன்னும் ஒன்று உக்கியிருந்தது. அப்போதும் சிலர், "எண்டாலும் அவனிலை ஏதோ இருந்திருக்கும்" என்றார்கள்.

போன வருடம் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோனது. செத்தவீட்டிலேயே தொடங்கிவிட்டார்கள். பெண் துலாவில் ஏறின பாவமாம். தம்பு அண்ணை எழும்பினார். "காய்ச்சல் வந்தது. குடுத்த மருந்துக்கும் கேக்கேல்லை. செத்துப்போனா. உதிலை அவவின்ரை பிழை எது?" அழுதுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனாலும் என் பழைய குணம் போகவில்லை. பரியாரி வைத்தியரை ஒரு நாள் முந்திக் கூப்பிட்டிருந்தால், அவர் தந்த கசாயத்தை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் என்று என் பிழையைத் தேடிக்கொண்டே இருந்தேன். கொடுக்க மறந்ததாகக்கூட ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது. இன்று இந்த மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீர் அன்று சொன்ன மாதிரியே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

பொய். ஒரு நேரமும் தவறாமல் கொடுத்தேன். பக்கத்தில் இருந்து நான் கண்டனான்.