பிழை என்னுடையது, தங்கச்சி

அண்ணா,

காலையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக் குசினி முழுக்கக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவியும் மணம். நேற்றுப் பாடியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு கல்யாணக் கச்சேரிக்கும் முன்னால் நீ இந்தக் கசாயத்தை ஒரு போத்தலில் கொண்டுவந்து முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடிப்பாயே. நீ போய் ஒரு வருசம். நேற்று உனக்காக நான் பிடித்த சண்டையை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நமக்குள் வந்த பழைய சண்டையை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பாண்டில் நான்தான் பாடகி. கல்கிசை ஹோட்டலில் ஒரு கல்யாணம். சேலை கட்டி, பூ வைத்து, மேடைக்குப் பின்னால் நிற்கிறேன். மைக்கில் வேறொருத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இளம்பிள்ளை வேண்டுமென்று ஹோட்டல்காரன் கேட்டானாம், நீ சரி என்றாயாம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. அன்று ஓட்டோ பிடித்து வந்தவள்தான், பல வருசம் உன்னோடு கதைக்கவில்லை.

பிறகு ஒருநாள் கிட்டாரோடு என் வாசலில் நின்றாய். "ஒரு பாட்டு இருக்கு. கேட்டிட்டுத் துரத்து" என்றாய். கோரஸில் "வேறு வழி தெரியாமல் செய்தேன், மன்னித்துவிடு" என்று இழுத்தாய். கூட வாசித்துப் பார்த்த என் கீபோர்டை மூடினேன்.

"ஏன், சரியில்லையா?"

"வழி இருந்தது. எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருக்கலாம். சாக்கை எல்லாம் சரணத்திலே வை அண்ணா. கோரஸ் திரும்பத் திரும்ப வரும். சனம் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும்."

நீ கோபப்படவில்லை. ஹோட்டல்காரனையும், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தக் காசு தேவைப்பட்டதையும் இரண்டாம் சரணத்துக்குத் தள்ளினாய். "மன்னித்துவிடு" என்பதை நீயாகவே வெட்டினாய். அதற்குப் பிறகு வந்த கோரஸில் அவை எட்டிப் பார்க்கவே இல்லை:

*உன் பெயரை எடுத்தது நான்,
உன்னிடம் சொல்லாதது நான்,
பூ வைத்து நீ நின்றாய், பார்த்தேன்,
பிழை என்னுடையது, தங்கச்சி.*

மெட்டிலும் பிணக்குப்பட்டோம். "நான்" என்ற சொல்லை உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தி நீட்டினாய். கைதட்டு வாங்கும் இடம் அது. இறக்கு என்றேன். சரணம் மேலே ஏறட்டும், கோரஸ் பேசுகிற குரலுக்கு இறங்கட்டும். அங்கே டிரம்ஸ் வேண்டாம், கிட்டார் மட்டும் போதும். கடைசி வரியில் சந்தோசமான கிட்டார் கோர்டுக்குத் தாவி எல்லாம் சரியாகிவிட்டது போலக் காட்ட வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். முடிவில் இரண்டு தாளவட்டம் ஒன்றும் வாசிக்காமல் விட்டது மட்டும் உன் யோசனை. "அது உன்ர பதிலுக்கு இடம். நான் அதில கை வைக்க மாட்டன்" என்றாய்.

அந்தப் பாட்டை மேடையில் பாட உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த மாதமே உன் இதயம் நின்றது.

நேற்று கொட்டாஞ்சேனையில் உன் ஆண்டு நினைவுப் பூசை. பிறகு கோயில் மண்டபத்தில் உன் பாண்ட் வாசித்தது. உன் பாட்டை நான்தான் பாடவேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒத்திகைக்குப் போனால், உன் டிரம்ஸ்காரன் ஜூட் கோரஸை மாற்றிவைத்திருக்கிறான். "விதி செய்தது, நான் செய்யவில்லை" என்று ஒரு வரி. முடிவில் வயலின். அதற்கு மேல் நான் "மன்னித்தேன் அண்ணா" என்று பாட வேண்டுமாம்.

"செத்த மனுசனை ஏன் அக்கா குற்றவாளி மாதிரி நிறுத்துறீங்க?"

"நான் நிறுத்தேல்ல. அவர் தானாப் போய் நின்டவர். அவரை இழுத்துக் கொண்டுவந்து விதிக்குப் பின்னால ஒளிக்கிற வேலையை நான் செய்ய மாட்டன்."

"சனம் அழோணும் அக்கா."

"அழாட்டிப் போகட்டும். நீ மாற்றினதை வாசிச்சால் நான் மேடையை விட்டு இறங்கிடுவன். இறங்கிப் பழக்கம் எனக்கு."

ஜூட் குச்சிகளைக் கீழே வைத்தான்.

நீ எழுதியபடியே பாடினேன். எனக்கு நீ சொன்னதை என் வாயாலேயே ஊருக்கு முன்னால் சொல்வது லேசான வேலையில்லை. மூன்றாம் தரம் "பூ வைத்து நீ நின்றாய்" வந்தபோது குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டேன். கடைசி வரி முடிந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் இருமினார். பிறகுதான் கைதட்டினார்கள்.

இன்னும் எனக்கு யாராவது "உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் மன்னியுங்கள்" என்று வழுக்கலாகச் சொல்லிக்கொண்டு வந்தால், உன் கோரஸை வைத்துத்தான் அளக்கிறேன். அநேகம் பேர் தேறுவதில்லை. எனக்குக் கர்வம் பிடித்துவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும்.

மண்டபத்தில் கதிரைகளை அடுக்கும்போது அண்ணி பக்கத்தில் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவரை மன்னிச்சிட்டியா, பிள்ளை?"

"பாட்டில அவர் அதைக் கேக்கவே இல்லையே, அண்ணி" என்றேன்.

நீ மன்னிப்புக் கேட்டிருந்தால்தான் கொடுத்திருக்க மாட்டேன், அண்ணா.