மச்சான் சிரித்த முதல் அத்தியாயம்

1974 நவம்பர், வியாழன்

மூவுலகமும் நடுங்க வேண்டிய என் துப்பறியும் தொடரின் முதல் அத்தியாயத்தைப் படித்து மனைவியின் தம்பி சுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தான். நாளைக் காலை செங்கல்பட்டு ரயிலில் அது பத்திரிகைக்குப் போகாவிட்டால், தொடர் எழுதும் வாய்ப்பு வேறொருவனுக்குப் போய்விடும்.

"துறைமுகத்து மழை விதவையின் கண்ணீராய்ப் பெய்தது, என் நெஞ்சு அணைந்த சுருட்டாய்ப் புகைந்தது" என்று களைத்துப்போன துப்பறிவாளனைப் பேச விட்டிருந்தேன்.

"இன்னா மாமா, களைச்சுப் போன ஆளு இவ்ளோ பேசுவானா? புதுப்பட்டினத்துல வலை இழுத்துகினு வர்றவன் வாயத் தொறக்கிறானா பாரு."

என் கோபத்தில் வங்கக் கடலே கொதித்திருக்கும். பயல் சொன்னது சரி என்பதுதான் பொறுக்கவில்லை. உவமைகளை அடித்துவிட்டு, துப்பறிவாளன் கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன்.

"மழை நிற்கவில்லை. செத்தவனின் செருப்பு காய்ந்திருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். முதலில் சற்று உட்கார்ந்தேன்."

சுந்தரம் சிரிக்கவில்லை. "அப்பால இன்னா மாமா?" என்றான்.

சொல்லமாட்டேன். ஆவலில் சாகட்டும்.