வாயு மூலையில் ஓர் அறை

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நேற்று புது வாடகை அறைக்கு வந்து பால் காய்ச்சினேன். பால் பொங்கப் போகும் நேரத்தில் மின்னடுப்பு தானாக அணைந்துவிட்டது. "சார், அடுப்புக்கே உங்க மேல நம்பிக்கை இல்ல" என்றார் பக்கத்து அறை டிரைவர். அவர் வேலைக்குப் போனபின் தனியாகக் குடித்தேன்.

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். ஊரில் நாம் கட்டும் புது வீட்டைப் பற்றிப் பெரியவன் போன் செய்தான். "தென்மேற்கு ரூம் குடும்பத் தலைவருக்குப்பா. நீங்க ஊர்ல இல்ல, நாங்க எடுத்துக்கிட்டோம். அம்மாவுக்கு வடமேற்கு."

வடமேற்கு வாயு மூலை. காற்றைப் போல வந்துபோகும் விருந்தாளிக்குத்தான் வாஸ்துவில் அந்த அறை. தலைமையாசிரியரை வராந்தாவில் உட்காரவைத்து, "இதுவும் பள்ளிக்கூடம்தானே" என்பது போலிருக்கிறது. தென்கிழக்கில் சமையலறை, வடகிழக்கில் பூஜையறை என்று உன்னைக் கேட்டுத்தானே வீட்டுப் பிளானை வரைந்தோம்? நீயும் "பரவாயில்லடா" என்றாயாம். அதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

கிரகப்பிரவேசத்தன்று வலது காலை எடுத்துவைத்து நுழை. கிழக்கு பார்த்து நின்று புதுப் பானையில் நீயே பால் காய்ச்சு. பொங்கி வழியும்வரை அடுப்பைத் தணிக்காதே. எல்லோருக்கும் பால் கொடுத்த கையோடு, நம் மரப்பீரோவைத் தென்மேற்கு அறையில் வைக்கச் சொல். கனமான சாமான் அங்கேதான் இருக்கவேண்டும் என்பதும் அதே வாஸ்துதான்.

பீரோவில் என் பழைய போர்வை இருக்கும், அனுப்பு. இங்கே குளிர். டியூஷனுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

யாராவது கேட்டால், "அப்பா சொன்னார்" என்று சொல்லாதே. "இது என் அறை" என்று நீயே சொல்.

உன் வாத்தியார்