நான் எங்கும் போகவில்லை

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் குழுத் தலைவி பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். அதுவரை அவர் பொறுப்பைத் தற்காலிகமாகப் பார்த்த நான், விடைபெறும் மின்னஞ்சல் ஒன்று எல்லோருக்கும் அனுப்பினேன். இனி விடுப்புக்கு யாரிடம் கேட்பது, பாதியில் நிற்கும் வேலை யார் கையில் என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். அதோடு விடாமல், "உங்களைப் பிரிவது வருத்தம்" என்றும் சேர்த்துத் தொலைத்தேன்.

நான் வேலையையே விடுகிறேன் என்று கேக் வாங்கிவிட்டார்கள்.

"எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?" என்றார் தலைவி.

"ஜன்னலோரம், என் பழைய சீட்டுக்குத்தான்" என்றேன். ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

அந்த ஜன்னலோரம் குளிர்கிறது, பழைய ஸ்வெட்டரை அனுப்பு. கேக் வெட்டும்வரை ஒருவர்கூட "போகாதீங்க" என்று சொல்லவில்லை, அம்மா.

கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் மகன்