முதல் வார்த்தை உங்களுக்கு விழுந்த வருடம்

அக்கா,

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்தேன். அணைத்த மெழுகுவர்த்தியின் வாசம் சட்டையில் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு எழுதாமல் படுக்க முடியவில்லை.

போதகர் பகலில் டவுனில் மூன்று மணி நேர ஆராதனையை நடத்திவிட்டு, மாலையில்தான் லிந்துலைப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்துக்குக் களைத்து வருவார். அதனால் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் நாமே பேச வேண்டும். யாருக்கு எது என்று குருத்தோலை ஞாயிறன்று சீட்டுக் குலுக்குவோம். வசனம், சிறு பேச்சு, ஜெபம், பாட்டு; பிறகு ஒரு மெழுகுவர்த்தி அணையும்.

அந்த வருடம் முதல் வார்த்தை உங்களுக்கு விழுந்தது. மன்னிப்பு! லயத்தில் பக்கத்து வீடான காம்பிராவில் உங்கள் நாத்தனார் ராணி. அவருடைய கோழிகள் உங்கள் லீக்ஸ் பாத்தியைக் கிளறியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை அவர் வீட்டு நாயிடம்தான் சொல்வீர்கள்.

"ஐயா, சீட்ட மாத்துங்க. மன்னிப்பப் பத்தி நான் பேசுனா கோழிகூடச் சிரிக்கும்," என்று சீட்டுக் குலுக்கிய போதகரிடம் சொன்னீர்கள்.

"மாத்துற வழக்கமில்லம்மா."

"அப்ப சிலுவைக்கு முன்னால பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அந்த வாரம் முழுவதும் உங்களுக்கு அதே கவலை. வெள்ளி மாலை எழுந்து வசனத்தை வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடினீர்கள்.

"'பிதாவே, இவங்கள மன்னியும்'னு அப்பாகிட்டதான் கேட்டாரு. எனக்கு இன்னும் மனசு வரல. அந்த மனச நானும் அப்பாகிட்ட கேட்டிருக்கேன். அவ்வளவுதாங்க."

முதல் சுடர் அணைந்தது. கள்ளனுக்குப் பரதீசு, தாயை யோவானிடம் ஒப்படைத்தது என்று இரண்டு முடிந்தன. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற நான்காவதற்குப் பாட்டில்லை, மௌனம் மட்டுமே. ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்". எழுந்தவர் ராணி.

"அங்க ஒரு சொம்பு தண்ணி இல்ல, புளிச்ச காடிதான். அதையும் கேலி பண்ண கூட்டத்துக் கையில இருந்துதான் வாங்கிக்கிட்டாரு," என்றவர், ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்தார்.

"முடிந்தது" ஆறாவது. தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவித்தது ஏழாவது. அந்த மெழுகுவர்த்தியை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். இருட்டில் பேசாமல் வெளியே வந்தோம்.

வெளியே உபவாசம் இருந்தவர்களுக்குக் கஞ்சி. ராணி முதல் டம்ளரை உங்களிடம் நீட்டினார். வாங்கி ஒரு வாய் குடித்தீர்கள்.

"உப்பு பத்தல."

"ஒனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. அதான் உப்பு தெரியல!"

நடுவில் நாய் இல்லாமல் நீங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அது. துக்க நாளென்பதை மறந்து எல்லோரும் சிரித்தோம். போதகர் வேதாகமத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும், உப்பு சரியாக இருந்தாலும், நீங்கள் அதையேதான் சொன்னீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு வந்த முதல் பெரிய வெள்ளி இது. முதல் வார்த்தை ராணிக்கு விழுந்தது. "இத எனக்கு முன்னால ஒருத்தி பேசிட்டா. அந்த மனச அப்பா அவளுக்குக் குடுத்தாரு, எனக்கும் குடுத்தாரு," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சியை வாயில் வைத்தேன். உப்பே இல்லை.

"என்ன ராணிக்கா இது?"

"வேணும்னுதான் போடல தம்பி. யாராச்சும் சொல்லணும்ல?"

அடுத்தவர் சொன்னதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தே இத்தனை வருடம் பிழைத்தவன் நான். இன்று உங்களுக்குப் பதிலாகச் சொன்னேன்:

"உப்பு பத்தல."

ராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அடுத்த வருடமும் நான்தான் சொல்வேன், அக்கா. உப்பு சரியாக இருந்தாலும்.